எல்லாருக்கும் தெரிந்த வட்டம்

1958-ஆம் ஆண்டின் கடைசி மாதம். அமெரிக்காவில் ஒரு நடன அரங்கு. நள்ளிரவு தாண்டிவிட்டது. ரே சார்ல்ஸும் அவருடைய குழுவும் கைவசம் இருந்த பாட்டுகளையெல்லாம் வாசித்து முடித்துவிட்டார்கள். ஆனால் பேசியபடி இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மேடையில் நின்றாக வேண்டும். வாசிக்கப் பாட்டு இல்லை. குழுவினரிடமும் பின்பாட்டுப் பாடும் பெண்களிடமும், நான் போகிற வழியில் வாருங்கள், நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, மின்சாரப் பியானோவில் இடக்கையால் ஒரு சின்னச் சொற்கட்டைப் போலத் துள்ளும் இசைத்துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கினார். டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. ஊதுகருவிகள் சேர்ந்துகொண்டன. பெண்கள் பதில் குரல் கொடுத்தார்கள். அரங்கு ஆடித் தீர்த்தது.

அன்றைக்கு மேடையிலேயே பிறந்த அந்தப் பாட்டு அடுத்த பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. பெயர் ‘வாட்ட் ஐ சே’. ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்டதால் இசைத்தட்டின் இரண்டு பக்கங்களுக்கும் பிரித்துப் போட்டு 1959-இல் வெளியிட்டார்கள். ரே சார்ல்ஸ் பாட்டுகளில் அமெரிக்கா முழுவதும் பரவியவற்றுள் முதல் வரிசையில் நிற்பது இது.

இந்தக் கதையைக் கேட்கும்போது, வார்த்தைகளை அந்த நொடியில் கட்டிய அவர் திறமைதான் முதலில் கண்ணில் படும். எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் மற்றவர்கள் செய்தது. அந்தப் பாட்டை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. காகிதத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் பாட்டு ஓரிடத்தில் சுருதித் தளம் மாறி இன்னோரிடத்துக்குப் போனபோது, பேஸும் ஊதுகருவிகளும் ஒன்றாகவே போயின. திரும்பியபோது ஒன்றாகவே திரும்பின. எப்படி?

பாட்டுதான் புதிது. அது நடந்த பாதை மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். அந்தப் பாதைக்குப் பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்று பெயர்.

ஒன்று, நான்கு, ஐந்து

பாதையில் மொத்தம் மூன்றே நிறுத்தங்கள். நம் ஊரில் ஆர்மோனியம் பிடிப்பவருக்கு அவற்றைச் சொல்வது எளிது. ஒரு கட்டையில் ச வைத்தால், நாலு கட்டை ம, ஐந்து கட்டை ப. ப்ளூஸ் வாசிப்பவர்களும் இவற்றை ஒன்று, நான்கு, ஐந்து என்றே எண்ணால் அழைக்கிறார்கள். எந்தக் கட்டையில் ச வைத்தாலும் உறவு மாறாது என்பதால் எண் போதும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒலிப்பது தனி ஸ்வரம் இல்லை, ஒரு கார்ட். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் சில ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் கார்ட். ச-வின் மேல் கட்டப்படும் கார்டில் ச, க, ப மூன்றும் உண்டு. இந்த மூன்றும் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்பதற்கு அதிர்வெண்களைப் பார்க்கலாம். ச நொடிக்கு 240 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான க 300, ப 360. அதாவது 4, 5, 6 என்ற எளிய விகிதம். அலைகள் அடிக்கடி ஒன்றோடொன்று சந்திப்பதால் காது அவற்றை ஒரே பொருளாக வாங்கிக்கொள்கிறது. ம-வின் அதிர்வு 320. ச-வுக்கும் ம-வுக்கும் மூன்றுக்கு நான்கு, ச-வுக்கும் ப-வுக்கும் இரண்டுக்கு மூன்று. ச-வுக்கு இவ்வளவு நெருங்கிய உறவுக்காரர்கள் வேறு கிடையாது. ஒரு வீடும் அதன் இரு பக்கத்து அண்டை வீடுகளும் போல இந்த மூன்றையும் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கால அளவு. ‘பார்’ என்பது நான்கு தட்டுகள் கொண்ட ஒரு பங்கு. பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று, ஆக நாற்பத்தெட்டுத் தட்டுகள். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு சுற்று 24 நொடி ஓடும். முடிந்ததும் இடைவெளி விடாமல் அடுத்த சுற்று. நம் தாள ஆவர்த்தனம் எப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறதோ அப்படி. ஒரு வேறுபாடு: இங்கே தட்டோடு சேர்ந்து கார்டும் குறித்த இடத்தில் மாறியாக வேண்டும்.

எங்கே மாறும்? பன்னிரண்டையும் நான்கு நான்காக மூன்று வரிகளில் எழுதினால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

முதல் வரி: ச – ச – ச – ச
இரண்டாம் வரி: ம – ம – ச – ச
மூன்றாம் வரி: ப – ம – ச – ச

இவ்வளவுதான் முழுப் பாதையும். தட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள், இசைக்குழுக்காரர்கள் எண்ணும் முறையிலேயே எண்ணலாம். ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் அந்தப் பாரின் எண்ணைச் சொல்ல வேண்டும்: ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு, மூன்று-இரண்டு-மூன்று-நான்கு. ஐந்தைச் சொல்லும்போது கார்ட் ம-வுக்குத் தாவும். ஏழில் வீடு திரும்பும். ஒன்பதில் ப. பத்தில் ம. பதினொன்றில் மறுபடி வீடு.

மூன்று வரிகளையும் பக்கவாட்டில் ஒப்பிட்டால், கடைசி இரண்டு பார்கள் எல்லா வரியிலும் ஒன்றுதான். தொடக்கம் மட்டும் வேறு வேறு. முதல் வரி வீட்டிலேயே தொடங்குகிறது. இரண்டாவது ஒரு பக்கத்து அண்டை வீட்டில். மூன்றாவது மறுபக்கத்து வீட்டில். ஒரு வரியின் தொடக்கத்தைக் கேட்டாலே அது எத்தனையாவது வரி என்று காது சொல்லிவிடும். மூன்று வரியும் ஒரே மாதிரி இருந்திருந்தால் எண்ணிக்கையை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். இங்கே பாதையே வழிகாட்டிப் பலகையை ஊன்றி வைத்திருக்கிறது.

வீட்டிலும் இருப்புக் கொள்ளாமை

இது வரைக்கும் சொன்னது எலும்புக்கூடு. இதை ச-க-ப என்ற சாதாரணக் கார்டுகளால் வாசித்தால் தேவாலயப் பாடல் மாதிரி சாந்தமாக இருக்கும். ப்ளூஸ் மாதிரி இருக்காது. ப்ளூஸ் வாசிக்கிறவர்கள் மூன்று கார்டுகளிலும் நான்காவதாக ஒரு ஸ்வரத்தைக் கூட்டுகிறார்கள். ச கார்டில் அது கைசிகி நிஷாதம், அதாவது இரண்டு நி-களில் கீழே உள்ளது. ம-வின் மேலும் ப-வின் மேலும் அதே தூரத்தில் அதே மாதிரி ஒரு ஸ்வரம்.

இந்த ஒரு ஸ்வரம் என்ன செய்கிறது என்பதை ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ மூன்று விரல்களால் கண்டுபிடிக்கலாம். இடக்கையால் ச-வை அழுத்திக்கொள்ளுங்கள். வலக்கையால் அந்தர காந்தாரத்தையும் அதற்கு மேலே கைசிகி நிஷாதத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ச-வை எடுத்துவிட்டு அந்த இரண்டை மட்டும் கேட்டால் உராய்வாக, எதற்கோ ஏங்குவதாக இருக்கும். ஒரு ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டும் இடைவெளி அது. மேற்கத்திய இசையில் இந்த உராய்வு தீர வேண்டிய கடனாக நூற்றாண்டுகளாகக் கருதப்பட்டது. அதைக் கேட்டதும் அடுத்து அமைதியான கார்ட் வந்தே தீர வேண்டும்.

இப்போது வலக்கையின் இரண்டு விரல்களையும் ஒவ்வொரு கட்டை கீழே இறக்குங்கள், கறுப்பு வெள்ளை பார்க்காமல் அடுத்துள்ள கட்டைக்கு. அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகும். கைசிகி நிஷாதம் சதுஸ்ருதி தைவதமாகும். இடக்கையை ம-வுக்கு மாற்றுங்கள். ம-வின் கார்ட் வந்துவிட்டது! மறுபடி ச-வுக்கு வந்து, இரண்டு விரல்களையும் இந்த முறை ஒவ்வொரு கட்டை மேலே ஏற்றுங்கள். க இருந்த விரல் ம-வில் நிற்கும், நி இருந்த விரல் காகலி நிஷாதத்தில். இடக்கையில் ப. இது ப-வின் கார்ட்.

எனக்கு இந்தப் பாதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். மூன்று கார்டுகளின் உயிர் இருக்கும் அந்த இரண்டு ஸ்வரங்கள், ஒரு மயிரிழை கீழே நகர்ந்தால் ஓர் அண்டை வீடு, ஒரு மயிரிழை மேலே நகர்ந்தால் மறு அண்டை வீடு. இடைவெளி எங்கேயும் மாறுவதில்லை. உராய்வும் தீருவதில்லை, இடம் பெயர்கிறது, அவ்வளவே. கேட்பவர் காதில் கார்ட் தெளிவாக மாறியிருக்கும். ஆனால் வாசிப்பவர் விரல் நகர்ந்த தூரம் மிகக் குறைவு.

இதனால் இன்னொன்றும் நடக்கிறது. வழக்கமாக ஒரு பாட்டு ச-வின் கார்டுக்குத் திரும்பினால் முற்றுப்புள்ளி விழும். ப்ளூஸில் ச-வின் கார்டிலேயே உராய்வு இருக்கிறது. அந்த ச, க, ப, நி கூட்டம் இயல்பாகவே ம-வை நோக்கிச் சாயக்கூடியது. முதல் வரியில் நான்கு பார் வீட்டிலேயே இருக்கிறோமே, சலிக்காதா என்றால், அந்த நான்கு பாரும் நாண் இழுத்தபடி நிற்கின்றன. ஐந்தாம் பாரில் அம்பு ம-வில் போய் விழுகிறது. பன்னிரண்டாம் பாரில் வந்து நின்றாலும் நின்ற உணர்வு வராது. அடுத்த சுற்றுக்குக் கால் தானாக எழும். மேடையில் பத்து நிமிடத்தை நிரப்ப வேண்டியவருக்கு, முடியாத பாதையைவிட நல்ல துணை எது?

மூன்றாம் வரியின் இறக்கமும் இந்த இயல்போடு ஒத்துப்போகிறது. ஐரோப்பிய மரபில் ம, அடுத்து ப, அங்கிருந்து நேராக ச என்று போவார்கள். ப-விலிருந்து ச-வுக்கு விழுவதுதான் முத்திரை வைத்தாற்போன்ற முடிவு. ப்ளூஸ் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டு ப, ம, ச என்று படிப்படியாக இறங்குகிறது. முத்திரை குத்தாமல் தோளைத் தளர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது போன்ற இறக்கம்.

ஒரே வரி, இரண்டு நிறம்

மூன்று வரி இசைக்கு மூன்று வரிப் பாட்டு. முதல் வரியைப் பாடுவார்கள். அதையே இரண்டாவது வரியாகத் திரும்பப் பாடுவார்கள். மூன்றாவது வரி அதற்குப் பதில். உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டிப் பார்க்கிறேன்:

விடிஞ்சா ரயிலு வந்துரும், என் பெட்டி இன்னும் கட்டலையே
விடிஞ்சா ரயிலு வந்துரும், என் பெட்டி இன்னும் கட்டலையே
கட்டிவச்சு என்ன பண்ண? ‘இரு’ன்னு நீ சொல்லலையே

ஒவ்வொரு வரியும் நான்கு பாரை முழுக்க நிரப்புவதில்லை. இரண்டரைப் பாரில் வார்த்தை தீர்ந்துவிடும். மீதி இடம் கிட்டாருக்கோ ஊதுகருவிக்கோ. பாடகர் சொன்னதைக் கருவி வாங்கி மறுமொழி சொல்லும். எல்லா வரியின் கடைசி இரண்டு பாரும் ஏன் வீட்டிலேயே இருக்கின்றன என்பது இப்போது புரியும். கருவி பேசும்போது தரை ஆடாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது வரிக்கு வார்த்தையும் மெட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் கீழே கார்ட் ம-வுக்குப் போயிருக்கும். ம-வின் கார்டில் சாதாரண காந்தாரம் இருப்பதைப் பார்த்தோம். முதல் முறை பெட்டி கட்டவில்லை என்றது ஒரு செய்தி. இரண்டாம் முறை அதே செய்தியின் அடியில் நிழல் விழுகிறது. பாடகர் ஒன்றும் கூடுதலாகச் செய்யாமலேயே கேட்பவருக்கு வரி கனத்துவிடுகிறது. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கவும் நேரம் கிடைக்கிறது. உடனுக்குடன் கட்டிப் பாடுகிறவருக்கோ அப்படித் திரும்பப் பாடுவது மூன்றாம் வரியைத் தேட எட்டு நொடி அவகாசம்.

பாடகர் பாடும் காந்தாரம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ச 240 என்றால் சுத்தமான பெரிய காந்தாரம் 300, சிறியது 288. ப்ளூஸ் பாடகர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ குரலை நிறுத்துவார்கள், அல்லது கீழிருந்து மேலே வழுக்குவார்கள். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை இல்லை. அதனால் பியானோக்காரர்கள் இரண்டு காந்தாரத்தையும் அடுத்தடுத்து உரசி வாசிப்பார்கள். கிட்டார்க்காரர்கள் தந்தியை விரலால் வளைப்பார்கள். ச கார்டில் ஒரு காந்தாரமும் ம கார்டில் மற்றொன்றும் இருப்பதால், நடுவில் நிற்கும் அந்தக் குரல் இரண்டு இடத்திலும் செல்லுபடியாகிறது. கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது உடனே பிடிபடும்.

வழி தவறும் இடம்

எளிய பாதைதான், ஆனாலும் புதிதாக வாசிக்கிறவர்கள் தவறாமல் தொலைந்துபோகும் ஓரிடம் உண்டு. மூன்றாம் வரியின் கடைசி இரண்டு பார் ச. அடுத்த சுற்றின் முதல் நான்கு பாரும் ச. ஆக ஆறு பார், இருபத்துநான்கு தட்டு, எந்தத் திருப்பமும் இல்லாத நேர் சாலை. சுற்று எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்பதற்கு அடையாளமே இல்லை. ஒருவர் ஒரு பார் குறைவாக எண்ணிவிட்டால் மற்றவர்களுக்கு முன்பே ம-வில் குதித்துவிடுவார்.

இதற்கு வாசிப்பவர்கள் கண்ட வைத்தியம், பன்னிரண்டாம் பாரை ச-வாக விடாமல் ப-வாக மாற்றுவது. அந்த ப அடுத்த சுற்றை வாசலுக்கு இழுத்து வருகிறது. பெரும்பாலும் அதற்கு முந்தைய பாரிலிருந்தே ஒரு சிறு இறங்குவரிசை வாசித்து, இதோ முடிகிறது, இதோ தொடங்குகிறது என்று கட்டியம் கூறுவார்கள். கடைசிச் சுற்றில் மட்டும் ப-வை விட்டுவிட்டு ச-வில் நிறுத்தினால் பாட்டு முடிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

தொலைந்துவிட்டால் என்ன செய்வது? எண்ணிக்கையைத் துரத்தக் கூடாது. காதைத் திறந்து ப-வுக்காகக் காத்திருக்க வேண்டும். ப வந்து, உடனே ம வந்தால் அது ஒன்பது, பத்து. ப வந்து, உடனே ச வந்தால் புதிய சுற்று தொடங்கிவிட்டது. இரண்டு பார் நீளத்துக்கு ம ஒலித்தால் அது இரண்டாம் வரி. ஒரு சுற்றுக்குள் எங்கேயாவது ஓரிடத்தில் பிடி கிடைத்துவிடும். 120 தட்டு வேகத்தில் 24 நொடிக்கு மேல் யாரும் தொலைந்திருக்க முடியாது.

இன்னொரு சிக்கல், இரண்டாம் பாரில் வரக்கூடியது. சிலர் முதல் வரியை ச, ம, ச, ச என்று வாசிப்பார்கள். நான்கு பார் ஒரே இடத்தில் நிற்க வேண்டாம் என்று ஒரு எட்டு அண்டை வீட்டுக்குப் போய்வருவது. மெதுவான பாட்டுகளில் இது அதிகம். இதை முன்கூட்டிப் பேசிக்கொள்ளாவிட்டால் பாதிப் பேர் ச-வில் இருக்க, பாதிப் பேர் ம-வுக்குப் போய்விடுவார்கள். அந்தர காந்தாரமும் சாதாரண காந்தாரமும் ஒரே நேரத்தில் மோதும். வாசிப்பவர்களே முகம் சுளிப்பார்கள். அதனால்தான் அறிமுகமில்லாதவர்கள் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் தொடங்குவதற்கு முன் மூன்று விஷயங்களை மட்டும் கேட்டுக்கொள்வார்கள்: என்ன சுருதி, என்ன வேகம், இரண்டாம் பாரில் போகிறோமா இல்லையா.

தனியாளும் கூட்டமும்

இந்தப் பாதையை யாரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. அமெரிக்காவில் அடிமைமுறை 1865-இல் சட்டப்படி ஒழிந்த பிறகும் பருத்தி வயல்களில் உழன்ற தென் மாநிலக் கறுப்பின மக்களிடம், ஒருவர் பாட மற்றவர்கள் பதில் பாடும் வழக்கம் வயலிலும் தேவாலயத்திலும் ஊறியிருந்தது. ச, ம, ப மேல் கட்டிய கார்டுகள் தேவாலயப் பாடல்கள் வழியாகவும் ஊர் நடனப் பாட்டுகள் வழியாகவும் வந்தன. கிட்டார் கைக்கு வந்தபோது இரண்டும் கலந்தன.

டபிள்யூ. சி. ஹேண்டி என்ற கறுப்பின இசைக்குழுத் தலைவர் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு காட்சியைப் பதிந்திருக்கிறார். 1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்ற சிறிய ரயில் நிலையத்தில் தாமதமான ரயிலுக்காகக் காத்திருந்தார். கந்தல் உடுத்த ஒருவர் கிட்டார் தந்திகளின் மேல் கத்தியை வழுக்கியபடி பாடிக்கொண்டிருந்தார். ஒரே வரியை மூன்று முறை பாடினார். தான் அதுவரை கேட்டதிலேயே விசித்திரமான இசை அதுதான் என்று எழுதுகிறார் ஹேண்டி. அவர் 1912-இல் வெளியிட்ட ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’, 1914-இல் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ ஆகியவை பன்னிரண்டு பார் வடிவத்தைக் காகிதத்தில் ஏற்றி நாடெங்கும் கொண்டுபோயின.

காகிதத்தில் ஏறும்போதுதான் பன்னிரண்டு என்ற எண் கெட்டிப்பட்டது. தனியாகக் கிட்டாரோடு பாடுகிறவருக்கு அந்த எண் தேவையே இல்லை. ஜான் லீ ஹூக்கரின் தனிப் பதிவுகளைக் கேட்டு எண்ணினால், ஒரு சுற்று பதினொன்றரையாக இருக்கும், அடுத்தது பதின்மூன்றாக இருக்கும். வார்த்தை முடிந்து, மூச்சு வாங்கி, மனம் வந்தபோது அவர் கார்டை மாற்றுவார். அதில் குறை ஒன்றுமில்லை. அந்த இழுவையில்தான் அவருடைய அழகு. ஆனால் அவரோடு டிரம்ஸும் பேஸும் சேர்ந்து வாசிக்க வந்தவர்கள் அவர் கால் தட்டுவதையும் கையையும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஒருவர் நினைத்தால் எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். ஐந்து பேர் சேர்ந்து திரும்ப வேண்டுமென்றால் திரும்பும் இடம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நடனக் குழுக்களுக்கும் இசைத்தட்டுப் பதிவுகளுக்கும் ஏற்றபடி ப்ளூஸ் கூட்டாக வாசிக்கப்பட்டபோது, பன்னிரண்டு பார் என்பது அவர்களுக்குள் ஏற்பட்ட ஓர் உடன்பாடாக நிலைத்தது. எட்டு பாரிலும் பதினாறு பாரிலும் ப்ளூஸ் பாட்டுகள் உண்டு. இருந்தாலும் சொல்லாமலே எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு பன்னிரண்டுதான்.

கடன் வாங்கியவர்கள் எதை மாற்றினார்கள்?

இந்த உடன்பாட்டை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். 1939-இல் க்ளென் மில்லர் குழு பதிவுசெய்த ‘இன் த மூட்’ என்ற நடன இசையின் புகழ்பெற்ற முதற்பகுதி பன்னிரண்டு பார். 1958-இல் சக் பெரியின் ‘ஜானி பி. குட்’ பன்னிரண்டு பார். 1964-இல் பீட்டில்ஸ் பாடிய ‘கான்ட் பை மி லவ்’ பாட்டின் சரணங்கள் பன்னிரண்டு பார். 1966-இல் தொலைக்காட்சியில் வந்த ‘பேட்மேன்’ தொடரின் முகப்பு இசையும் அதுவே. முப்பது ஆண்டு கழித்து ட்ரேசி சாப்மன் புகழ்பெறச் செய்த ‘கிவ் மி ஒன் ரீசன்’ பாட்டிலும் அதே பாதை. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறவர்களுக்கு ஒன்றைப் போல ஒன்று இருப்பதாகத் தோன்றாது. வேகம் வேறு, கருவி வேறு, மெட்டு வேறு. சோகம்கூட இருக்க வேண்டியதில்லை.

சட்டமும் தடுக்கவில்லை. ஒரு மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமையாளர் உண்டு. இவ்வளவு பொதுவான கார்ட் வரிசைக்கு யாரும் உரிமை கோர முடியாது. கிணற்றடிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை மாதிரி அது ஊருக்குச் சொந்தம்.

பாதையை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்று பார்த்தவர்களும் உண்டு. சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கர் 1951-இல் பதிவுசெய்த ‘ப்ளூஸ் ஃபார் ஆலிஸ்’ இசையில், மூன்று கார்டுகள் இருந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு பாருக்கும் இரண்டு என்று புதிய கார்டுகளைப் பரப்பினார். சந்து சந்தாக நுழைந்து போவது போல இருக்கும். ஆனால் ஐந்தாம் பார் வரும்போது சரியாக ம-வில் வந்து நிற்பார். மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வாசித்த ‘ஆல் ப்ளூஸ்’ பாருக்கு நான்கு தட்டு என்பதை ஆறாக்கி ஊஞ்சல் போல ஆட்டுகிறது. ஒன்பதாம் பாரில் ப. பத்தாம் பாரில் ம-வுக்கு இறங்காமல் அரைச் சுருதி மேலே ஏறி, மறுபடி ப-வுக்கே வந்துவிடுகிறது. பாதை தெரிந்தவருக்கு அந்த ஓரிடத்தில் சிலிர்க்கும். இறங்கும் என்று காத்திருந்த படி ஏறுகிறதே!

அந்தச் சிலிர்ப்புக்குக் காரணம் மைல்ஸ் டேவிஸ் மட்டும் இல்லை. நம் காதில் ஏற்கெனவே பதிந்திருக்கும் பாதையும்தான். பத்தாம் பாரில் எது வர வேண்டும் என்று கேட்பவருக்குத் தெரிந்திருந்தால்தான், வராதபோது அவருக்கு உறைக்கும். இத்தனை பாட்டுகள் ஒரே பாதையில் நடப்பதற்கு எளிமை ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று. புதிதாகப் பாட்டுக் கட்டுகிறவர் கேட்பவருக்குப் பாதையைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முதல் சுற்றிலிருந்தே தன் சொந்தச் சரக்கை எடுத்து வைக்கலாம்.

‘வாட்ட் ஐ சே’ பாட்டை இனி ஒரு முறை எண்ணிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். இடக்கைத் துண்டு நான்கு பார் ஒரே இடத்தில் துள்ளும். ஐந்தில் அதே துண்டு அப்படியே ம-வுக்குக் குடிபெயரும். ஏழில் திரும்பும். ஒன்பதில் ப, பத்தில் ம, பதினொன்றில் வீடு. பாட்டின் பிற்பகுதியில் ரே சார்ல்ஸ் வார்த்தைகளையே விட்டுவிட்டு வெறும் முனகல்களை எறிகிறார்; பெண்கள் அதையே திருப்பி எறிகிறார்கள். அடுத்து அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. எந்தத் தட்டில் தரை மாறும் என்பது மட்டும் அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், தரையில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் கால்களுக்கும் தெரியும்.